தூணின் சாய்வை அளந்த ஒளிப்படங்கள்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்தன்று கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்பதை அன்பர்கள் அறிவார்கள். பெருமாள் புறப்பட்டுச் செல்லும் இந்தப் பகுதியில், ஊர் எல்லைகளிலும் குளக்கரைகளிலும் சிறு கல் மண்டபங்கள் பல நிற்கின்றன. திருக்கோயிலுக்குள் உள்ள பதினாறுகால் மண்டபத்தைக் காண எத்தனையோ பேர் வருகிறார்கள். வழியோரத்து நாற்கால் மண்டபத்தை நின்று பார்ப்பவர் அரிது. விளக்கில்லை, காவலில்லை, பெரும்பாலும் ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. கூரையில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இறங்கி, ஒரு மழைக்காலத்தில் உத்திரம் விழுந்தபின், அது எப்படி இருந்தது என்று சொல்ல எவரும் இரார்.

ஸ்ரீமுஷ்ணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் குளக்கரையில் அத்தகைய மண்டபம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 4.2 மீட்டர் சதுரமான பீடம். நான்கு மூலைகளிலும் நான்கு கற்றூண்கள். அவற்றின்மேல் போதிகை, உத்திரம், பாவுகல். பீடத்தின் அடி முதல் கூரை வரை 3.5 மீட்டர் உயரம். வடகிழக்குத் தூண் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வடக்கு உத்திரத்தில் ஒரு விரிசல். ஊரார் திருப்பணி செய்ய விரும்பினர். அவர்கள் அழைத்து வந்த முதிய ஸ்தபதி, கல்லைத் தொடுவதற்கு முன் ஒரு நிபந்தனை விதித்தார். "இருக்கிறபடியே அளந்து வைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு, எந்தக் கல் எவ்வளவு விலகியிருந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது" என்றார். அந்த அளவெடுப்பை ஒளிப்படங்களால் எவ்வாறு செய்தோம் என்பதே இவ்வாரக் கட்டுரை.

சாதாரணமாக ஒரு படம் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு படத்தில் தூண் சாய்ந்திருப்பது தெரியும். எவ்வளவு சாய்ந்துள்ளது என்பது தெரியாது. அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் விழுவதால், தனிப்படத்தில் அளவுகோலை வைத்து எதையும் அளக்க இயலாது. ஆனால் ஒரே புள்ளியை இரண்டு மூன்று வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்த படங்கள் இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. நம் இரு கண்களும் சற்றே விலகி இருப்பதால்தான் தூரம் நமக்குப் புலப்படுகிறது. அதுபோலவே, கேமரா நின்ற இடங்களும் பார்த்த கோணங்களும் கணக்கிடப்பட்டால், அந்தப் பார்வைக் கோடுகள் சந்திக்கும் இடமே அந்தப் புள்ளி இருக்கும் இடம். இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இந்தக் கணக்கைக் கணினி செய்து முடிக்கும்போது, மண்டபத்தின் முப்பரிமாண மாதிரி உருவாகிறது. இதனை ஒளிப்பட அளவியல் என்பர். ஆங்கிலப் பெயர் போட்டோகிராமெட்ரி.

இது புதிய எண்ணமன்று. 1858-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மேடன்பாவர் என்ற இளம் கட்டடக் கலைஞர், வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை உயரத்தில் நின்று அளந்துகொண்டிருந்தபோது தவறி விழப் பார்த்தார். உயிருக்கு ஆபத்தில்லாமல், தரையில் நின்று எடுத்த படங்களிலிருந்தே அளக்க முடியாதா என்ற எண்ணம் அன்று அவருக்குப் பிறந்தது. போட்டோகிராமெட்ரி என்ற சொல்லும் அவர் வழியே வழக்கிற்கு வந்தது. 1885-இல் பெர்லினில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் அவர் முயற்சியால் அமைந்தது. அங்கே சேர்த்த ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள், பின்னாளில் போரில் இடிந்த கட்டடங்களை மீட்டெடுக்க உதவின.

அதே 1858-இல் நம் தஞ்சையிலும் ஒரு செயல் நடந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான கேப்டன் லின்னியஸ் டிரைப், பெரிய கோயில் விமானத்தின் அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டுகளை, சுவரை ஒட்டிச் சிறிது சிறிதாக நகர்ந்து படமெடுத்தார். இருபத்தொரு படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அவர் நோக்கம் எழுத்தைப் படிப்பது, அளப்பதன்று. ஆயினும், நின்ற இடத்திலிருந்து கேமராவைத் திருப்பாமல், பொருளை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும் என்ற அவருடைய முறைதான் இன்றும் இப்பணியின் முதல் விதி.

திட்டமிடல் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. நாம் காண விரும்பும் மிகச் சிறிய பொருள் எது? எங்களுக்கு அது உத்திரத்து விரிசல். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலம். ஆகவே படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கல்லில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது. எங்களுடன் பணிபுரிந்த இளம் பொறியாளரின் கேமரா, குறுக்காக 6,000 புள்ளிகளைப் பதிவது. அதில் 24 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தி 3 மீட்டர் தொலைவில் நின்றால், ஒரு படத்தில் ஏறத்தாழ 2.94 மீட்டர் அகலம் அடங்கும். 2,940 மில்லிமீட்டரை 6,000-ஆல் வகுத்தால் 0.49. தேவைக்குச் சரியாக இருந்தது. எனவே மண்டபத்தைச் சுற்றி 3 மீட்டர் தள்ளி, தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம்.

அடுத்தது, எத்தனை படங்கள் என்ற கணக்கு. கல்லின் ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது மூன்று படங்களிலாவது விழ வேண்டும். அதற்காக ஒரு படத்தின் ஐந்தில் நான்கு பங்கு அடுத்த படத்திலும் இருக்கும்படி எடுப்பது வழக்கம். 2.94 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி. சுண்ணாம்புக் கோட்டின் சுற்றளவு 35 மீட்டரும் சற்றும். இரண்டடிக்கு ஒரு படம் என்றால் ஒரு சுற்றுக்கு 60 படங்கள். மூலைகளில் கோட்டை வளைவாகப் போட்டதால், அங்கும் ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பார்வை 12 பாகைக்குள்ளேயே திரும்பியது. மூலையில் நின்றபடியே சட்டென்று திரும்பி அடுத்த பக்கத்தை எடுத்தால் இரு பக்கங்களும் தமக்குள் இணையமாட்டா. தரைமட்டத்திலிருந்து கூரை வரை நான்கு உயரங்களில் சுற்றினோம். மேல் இரண்டு சுற்றுகளுக்குக் கேமராவை ஒரு நீண்ட கம்பத்தில் ஏற்றினோம். வெளிப்புறம் மட்டும் 240 படங்கள்.

தூண்களை 1 மீட்டர் அருகில் நின்று, ஒவ்வொன்றையும் 24 நிலைகளிலும் நான்கு உயரங்களிலும் எடுத்தோம். நான்கு தூண்களுக்கும் சேர்த்து 384. உள்கூரைக்கு 60. கூரையின் மேற்புறத்திற்கு, ஏணியிலிருந்து கம்பத்தை நீட்டி 50. வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழியெங்கும் இடைவிடாது எடுத்த 40 படங்கள், உள்ளையும் வெளியையும் இணைப்பதற்காக. மொத்தம் 774. இந்த இணைப்புப் படங்கள் இல்லாவிட்டால் உள்ளும் வெளியும் இரண்டு தனி மண்டபங்களாகவே கணினியில் நிற்கும்.

படம் எடுக்கும் முன் ஊராரிடமும் திருக்கோயில் அலுவலகத்திலும் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாயின் அத்துறையின் அனுமதியும் தேவை. வழிபாட்டில் உள்ள கருவறையை இம்முறையில் எடுக்க முற்படலாகாது. அதற்கு மரபு மட்டுமன்றித் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. எண்ணெய்க் காப்பு கண்ட கருங்கல் திருமேனியில் ஒளி பட்டு மின்னும். பார்க்கும் இடம் மாற மாற அந்த மினுக்கமும் நகரும். நகரும் ஒளிப்புள்ளியைக் கல்லின் புள்ளி என்று கணினி கொண்டுவிடும். புதிதாக வெள்ளையடித்த சுவரிலோ, அடையாளம் கொள்ள எதுவுமில்லை என்பதால் பெரும் ஓட்டைகள் விழும். கரடுமுரடான, பாசி படிந்த, வெயில் மழையில் நைந்த கல்தான் இம்முறைக்கு மிகவும் இணக்கமானது. சிதைந்த மண்டபத்திற்கு இந்த ஒரு வசதியேனும் உண்டு.

ஒளியில் கவனம் வேண்டும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே நிழல் நகர்ந்துவிட்டால், ஒரே கல் இரு வேறு முகங்களாகத் தெரியும். ஆகவே மேகமூட்டமான நாளைத் தேர்ந்தோம். வில்லையின் தூரத்தை ஒருமுறை அமைத்து, அசையாதபடி அதன்மீது நாடா ஒட்டினார் பொறியாளர். உருப்பெருக்கத்தை மாற்றினால் ஒவ்வொரு படமும் வேறு கேமராவில் எடுத்ததற்குச் சமம் என்றார். ஆட்டத்தைத் தவிர்க்க முக்காலியும், கைபடாமல் இயக்கும் விசையும் பயன்பட்டன. ஆடுகள், வேடிக்கை பார்த்த சிறுவர்கள், காற்றில் அசையும் அரசிலைகள் எல்லாம் இடையூறே. முந்தைய நாள் கன்றின் இலைகளை மட்டும் கழித்தார்கள். வேரைத் தொடவில்லை. அது பிடித்திருக்கும் கல் நகர்ந்துவிடும் என்று ஸ்தபதி தடுத்துவிட்டார்.

இனி, இப்பணியில் முக்கியமானதும் பலரும் விட்டுவிடுவதுமான ஒன்று. படங்களிலிருந்து கணினி வடிவத்தைக் கண்டறியும், அளவைக் கண்டறியாது. நான்கு மீட்டர் மண்டபமும், அதே வார்ப்பில் செய்த நான்கு அங்குலப் பொம்மையும் படங்களுக்கு ஒன்றே. உண்மையான நீளம் ஒன்றையேனும் நாமே சொல்லியாக வேண்டும். அதற்காக நடுவே நடுவே குறிகள் வைப்பது வழக்கம். காகிதத்தில் அச்சிட்டால் பனியில் சுருண்டுவிடும். எனவே விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் மெருகு பூசாத சிறு ஓடுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கருப்பு வெள்ளைக் கட்டங்களை வரைந்தோம். மெருகு பூசியிருந்தால் அவையும் மின்னிவிடும். ஓடுகளைக் கல்லில் ஒட்டவில்லை. தரையிலும் பீடத்திலும் தூண்களின் அடியிலும் வைத்ததோடு சரி.

சரியாக 1 மீட்டர் இடைவெளியில் இரு குறிகள் உடைய உலோகச் சட்டங்கள் மூன்றை வெவ்வேறு திசைகளில் வைத்தோம். ஒரு பக்கத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதன் நூலில் மேலும் கீழும் இரு முடிச்சுகள் இட்டோம். செங்குத்து என்பது எது என்று மாதிரிக்குச் சொல்வது அந்த நூல்தான். அது இல்லாவிட்டால், தூண் சாய்ந்திருக்கிறதா, மாதிரியே சாய்ந்திருக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. குண்டு காற்றில் ஆடாதிருக்க, அதை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டார் கொத்தனார்.

வங்கியில் பதிவு செய்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருத்தலாகாது என்பது பால பாடம். அதையே இங்கும் கடைப்பிடித்தோம். மூன்று சட்டங்களில் இரண்டின் நீளத்தை மட்டும் பொறியாளர் கணினிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மூன்றாவது சட்டம், உள்தளத்தில் வைத்த நான்கு ஓடுகளுக்கு இடைப்பட்ட இரண்டு மூலைவிட்டங்கள், பீடத்தின் கிழக்கு விளிம்பில் நூல் பிடித்துப் பார்த்த நேர்மை, வடகிழக்குத் தூணின் சாய்வு ஆகியவற்றை ஸ்தபதியும் நானும் எஃகு நாடாவாலும் தூக்குக்குண்டாலும் அளந்து, ஒரு தாளில் எழுதி உறையில் இட்டு ஒட்டினோம். அந்த உறை கடைசிவரை பொறியாளருக்குக் காட்டப்படவில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மாதிரியை ஏற்பதில்லை என்றும் முன்பே எழுதிக்கொண்டோம். விடையைக் கண்டபின் எல்லையை வகுப்பது நேர்மையாகாது.

கணினிப் பணி இரவு பகலாக ஓடியது. கலங்கிய 14 படங்களை நீக்கி 760 படங்கள் உள்ளே சென்றன. முதலில் ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கான நுண்ணிய அடையாளங்களை நிரல் தேடுகிறது. ஒரு படத்தின் அடையாளம் மற்ற படங்களில் எங்கே உள்ளது என்று பொருத்துகிறது. அதிலிருந்து கேமரா நின்ற இடங்கள் கிடைக்கின்றன. அந்நிலையில் திரையில் மண்டபம் அடர்த்தியற்ற புள்ளிக்கூட்டமாகத் தெரியும். அதைச் சுற்றிலும் கேமரா நிலைகள் சிறு கட்டங்களாகத் தெரியும். அவசரமின்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பிழைகள் இங்கேதான் எளிதில் தென்படும்.

எங்கள் முதல் ஓட்டத்தில் அப்படி ஒன்று தென்பட்டது. சோதனைக்காகத் தூணடி ஓடுகள் தெரியாத படங்களை மட்டும் தனியே ஓட்டிக் காட்டினார் பொறியாளர். மண்டபத்திற்கு மூன்று தூண்களே இருந்தன! ஒரே உளியில் பிறந்தாற்போல் ஒத்திருந்த இரு தூண்களை ஒன்றென்றே கொண்டு, இரண்டின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டது நிரல். எப்படிக் கண்டறிவது? நாம் நடந்த சுண்ணாம்புக் கோடு நமக்குத் தெரியும். திரையில் கேமராக்கள் அந்த வழியில் வரிசையாக நில்லாமல், ஒரு கூட்டம் மட்டும் எங்கோ தாவியிருந்தால் பொருத்தம் தவறு என்று பொருள். ஓடுகள் தெரியும் படங்களையும் சேர்த்து ஓட்டியதும், ஒவ்வொரு தூணடியிலும் வேறுவேறு குறி இருந்தமையால், நான்கு தூண்களும் தம் தம் இடத்தில் நின்றன. ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாய் நிற்கும் நம் திருச்சுற்று மண்டபங்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

இரண்டாவது சோதனை வளைவு பற்றியது. கிழக்குப் பக்கத்தை மட்டும், நேர் எதிரே நின்று ஒரே திசையில் பார்த்து எடுத்த படங்களால் ஆக்கிய மாதிரியில், பீடத்தின் விளிம்பு நடுவில் 9 மில்லிமீட்டர் புடைத்திருந்தது. வில்லையில் உள்ள சிறு வளைவைக் கணினி சரியாகப் பிரித்தறிய முடியாமல், அதைக் கல்லின் வளைவாக ஏற்றிவிட்டது. கொத்தனார் பிடித்த நூலோ விளிம்பு நேர் என்றது. சாய்வாகப் பார்த்த படங்களையும், அருகிலும் தொலைவிலும் எடுத்தவற்றையும், சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்த முழுச் சுற்றையும் சேர்த்த முழு மாதிரியில், அந்தப் புடைப்பு 1 மில்லிமீட்டருக்குள் அடங்கிற்று. சிதைந்த கட்டடத்தில் இப்பிழை மிகவும் தீங்கானது. புடைத்த சுவர் விழப்போகும் சுவர் என்பது கொத்தனார் வழக்கு. இல்லாத புடைப்பை நம்பி ஒருவர் சுவரைப் பிரிக்கவும் கூடும். உள்ள புடைப்பைக் கணினியின் பிழை என்று ஒதுக்கவும் கூடும்.

கணினி தன் வேலைக்குத் தானே ஒரு மதிப்பெண் தருவதுண்டு. புள்ளிகள் சராசரியாக 0.6 பிக்சல் அளவே விலகின என்றது. கேட்க நன்றாயிருந்தது. ஆயினும் பற்றும் வரவும் கூட்டலில் ஒத்துவிட்டால் போதாது என்பதைப் பேரேட்டைப் புரட்டியவர் எவரும் அறிவர். தொகையைத் தவறான கணக்கில் வரவு வைத்தாலும் இருபக்கக் கூட்டல் ஒத்தே இருக்கும். மூன்று தூண் மண்டபமும், புடைத்த பீடமும் அதே போன்ற நல்ல மதிப்பெண்ணையே பெற்றன. ஆதலால் வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். அதற்காகவே அந்த உறை.

உறையைப் பிரித்தோம். மூன்றாவது சட்டம் மாதிரியில் 1.0003 மீட்டர். மூலைவிட்டங்கள் நாடாவில் 4.412, 4.405 மீட்டர். மாதிரியில் 4.411, 4.403. வடகிழக்குத் தூண் 2.1 மீட்டர் உயரத்தில் 30 மில்லிமீட்டர் வெளியே சாய்ந்துள்ளது என்று தூக்குக்குண்டு சொன்னது. மாதிரி 31 என்றது. எல்லாம் எல்லைக்குள் இருந்தன. ஸ்தபதி ஒரு நிமிடம் திரையையே பார்த்தார். "தம்பி, உன் பொட்டியும் என் குண்டும் ஒண்ணைத்தான் சொல்லுது" என்றார். "உங்க குண்டு இல்லேன்னா என் பொட்டியை நானே நம்பமாட்டேன், ஐயா" என்றார் பொறியாளர்.

ஆனால் இந்தச் சோதனையிலும் சிக்காத பிழை ஒன்று உண்டு. கேமரா எட்டாத இடங்களில், உதாரணமாகப் போதிகைக்கும் உத்திரத்திற்கும் இடையிலான இடுக்கில், புள்ளிகளே இரா. அங்கே மாதிரியில் ஓட்டை விழும். ஓட்டை அழகாக இல்லை என்று நிரலே சுற்றியுள்ள வடிவைப் பார்த்து அதை மெழுகிவிடும் வசதி உண்டு. காட்சிக்கு வைக்க அது நன்று. ஆவணத்திற்கு அது பொய்ப் பதிவு. எங்கள் மண்டபத்தில் வடக்கு உத்திரத்தின் மேற்பக்க விரிசல் ஓரிடத்தில் அப்படி மெழுகப்பட்டு, முழுக்கல்லாகத் தோன்றியது. மெழுகும் வசதியை நிறுத்தி மீண்டும் ஆக்கச் சொன்னோம். ஓட்டை ஓட்டையாகவே நிற்கட்டும், பார்க்கப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று என்றார் ஸ்தபதி. மாதிரி எதுவாயினும் நூறு இடங்களில் உருப்பெருக்கி அசல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, அளவுச் சோதனைக்கு நிகரான கடமை.

இறுதியாக, எதைக் காப்பது? சுழலும் அழகிய மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு படங்களை அழித்துவிடுவோர் உண்டு. முறை நேர்மாறானது. அசல் படங்களே மூல ஆவணம். அவற்றிலிருந்து பிற்காலத்தில் இதைவிடச் சிறந்த நிரலால் மீண்டும் மாதிரியை ஆக்கலாம். மாதிரியிலிருந்து படங்களை மீட்க முடியாது. ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் புத்தர் சிலைகள் 2001-இல் தகர்க்கப்பட்டன. 1970-இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா, அளவியல் கேமராவால் பெரிய சிலையை எடுத்த படங்கள் எஞ்சியிருந்தன. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் குருயன் குழுவினர் அவற்றைக் கொண்டு சிலையின் மாதிரியை உருவாக்கினர். பயணிகள் எடுத்த படங்களிலிருந்தும் முயன்று பார்த்தனர். உருவம் வந்தது. நுட்பமும் அளவும் கோஸ்ட்காவின் படங்களிலிருந்தே கிடைத்தன. அவர் அவற்றை எடுத்தபோது, முப்பது ஆண்டுகளில் என்ன நேரும் என்று அறிந்தாரில்லை.

நம் பக்கத்திலேயும் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. 1516-இல் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த ஸ்ரீகாளஹஸ்தி இராஜகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விரிசல் கண்ட எந்தக் கோபுரத்திற்கும், அந்த விரிசல் சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு வளர்ந்துள்ளதா என்ற கேள்விக்கு விடை சொல்வது இரண்டு தேதியிட்ட அளவுகளே.

எங்கள் கோப்பில் 760 படங்களும், அளவுச் சட்டங்களின் நீளங்களும், ஓடுகள் இருந்த இடங்களின் வரைபடமும், உறையில் இருந்த தாளும், மாதிரியும் சேர்ந்துள்ளன. எடுத்த நாள், கேமரா, வில்லை, தொலைவு, ஏற்றுக்கொண்ட பிழை எல்லை, பார்க்க இயலாமல் போன இடுக்குகள் ஆகியவை ஒரே பக்கத்தில் தமிழில் தட்டச்சிட்டு வைக்கப்பட்டுள்ளன. கணினி இல்லாதவரும் அதைப் படிக்கலாம். மூன்று பிரதிகள். ஒன்று திருக்கோயில் அலுவலகத்தில், ஒன்று ஊர்ப் பெரியவர் இல்லத்தில், ஒன்று வேறு ஊரில். ஒரே மழையில் மூன்றும் நனையலாகாது. 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துள்ள புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு ஆய்வாளர்க்கு இன்று பயன்படுகிறதென்றால், ஒவ்வொரு படத்திற்கும் ஊரும் இடமும் எழுதி முறைப்படி அடுக்கிவைத்தமையே காரணம்.

திருப்பணி இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. வடகிழக்குத் தூணுக்கு மரமுட்டு மட்டும் கொடுத்துள்ளார்கள். பீங்கான் ஓடுகளில் நான்கைத் தரையில் பதித்து விட்டோம். வரும் மழைக்காலம் முடிந்தபின் அதே கோட்டில், அதே தொலைவில் மீண்டும் படமெடுப்பதாக ஏற்பாடு. எங்கள் அளவு மூன்று மில்லிமீட்டர் வரை பிழைக்கலாம் என்று நாங்களே எல்லை வகுத்துள்ளோம். இரு முறையும் அளப்பதால் பிழையும் இரு முறை நேரலாம். ஆகவே அடுத்த முறை 33 என்று வந்தால் தூண் நகர்ந்ததாகக் கொள்ள மாட்டோம். 38 அல்லது அதற்கு மேல் என்று வந்தால், அன்றே ஸ்தபதிக்கு ஆள் அனுப்புவோம்.